தழும்புக்குப் பயந்தவள்

குணேஸ்வரி தன் புருசனின் ஒப்பரேசனை மூன்று தடவை தள்ளிப்போட்டவள். இதை அவளே சொல்வாள், யாரும் தோண்டிக் கேட்கத் தேவையில்லை. சொல்லிவிட்டு, வேறு யாராவது தன்னைத் திட்டுவதற்கு முன்னால் தானே தன்னைத் திட்டிக்கொள்வாள்.

புருசன் தம்பிராசாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சாம்பல்தீவில் வீடு. திருகோணமலை ஜெற்றியில் நாட்டாமை வேலை, அதாவது மூதூர் போகிற லோஞ்சுப் படகுக்கு அரிசி, மா, சீமெந்து என்று மூட்டை ஏற்றுவது. இருபத்தைந்து வருசமாக அதுதான் தொழில். ஐம்பது கிலோவைப் பிடரியில் வாங்கிக்கொண்டு ஆடுகிற பலகையில் நடந்துபோகும் மனிதர், வீட்டில் ஒரு குடம் தண்ணீரை எடுத்து வைக்கச் சொன்னால் இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்று முனகுவார். அதனால்தான் அவர் வலது கவட்டைக் கையால் பொத்திக்கொண்டு இருமியதை அவள் முதலில் கணக்கில் எடுக்கவில்லை. வேலைக் கள்ளத்துக்கு ஒரு புது நடிப்பு என்று நினைத்தாள்.

கண்டுபிடித்தது ஆதம்பாவா. ஜெற்றியில் தம்பிராசாவின் தோளுக்கு மூட்டை தூக்கிக் கொடுக்கிற சோடி அவர், கிண்ணியாக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் சாம்பல்தீவுக்கு பஸ் ஏறி வந்தார்.

"தங்கச்சி, மச்சானுக்கு அடிவயித்துக்குக் கீழ ஒரு வீக்கம் ஈக்கி. மூட்டைய வாங்கினா வெளிய வருது. படுத்தா உள்ள போகுது. எனக்கிட்ட மறைக்காரு. நீங்க கூட்டிப் போங்க."

கூட்டிப்போனாள். கிளினிக்கில் டொக்டர் கனகசுந்தரம் தம்பிராசாவை நிற்கவைத்துக் கையை வைத்து இருமச் சொன்னார். பிறகு படுக்கவைத்தார். தேசிக்காய் அளவு வீக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய்விட்டது.

"குடலிறக்கம்," என்றார் டொக்டர். "வயித்துச் சுவரில ஒரு இடம் இளகியிருக்கு. அதுக்குள்ளால குடல் எட்டிப் பாக்குது. இது மருந்துக்கு மாறாது, பெல்ற் கட்டினாலும் மாறாது. அந்த இடத்தில ஒரு வலை வைச்சுத் தைக்கவேணும். நைலோன் மாதிரி ஒரு சின்ன வலைத் துண்டு. அதுக்குள்ளால சதை வளந்து இறுகிப்போகும்."

"அதுக்குப் பிறகு மூட்டை தூக்கலாமோ, ஐயா?" தம்பிராசாவுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"தூக்கலாம். அடுத்த நாளே எழும்பி நடக்கலாம். ஆறு கிழமைக்குப் பாரம் வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, மூண்டு மாசத்தில உங்கட ஐம்பது கிலோ." பிறகு அவர் குணேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் கேளுங்கோ. இப்ப உள்ள போகுது, அதால திகதி போட்டுச் செய்யலாம். ஒரு நாளைக்குப் போகாமல் கல்லு மாதிரி இறுகி, நோவும் சத்தியும் வந்தால், ஒருத்தரும் அமத்திப் பாக்கக்கூடாது. நேர இஞ்ச கொண்டுவரவேணும். குடல் நெரிபட்டால் சில மணித்தியாலத்தில செத்துப்போகும். குடல் செத்த இடத்தில வலை வைக்க ஏலாது, கிருமி பிடிச்சிடும்."

திகதி போட்டு ஒரு துண்டு தந்தார். வரும் வழியில் தம்பிராசா சந்தோசமாகத்தான் இருந்தார். மூன்று மாதம் என்ன, மூச்சுப் பிடிப்பதற்குள் ஓடிவிடும் என்றார். டொக்டர் தன் விரலால் கவட்டுக்கு மேலே ஒரு கோடு காட்டி, இவ்வளவுதான் வெட்டு என்று சொன்னதே அவள் கண்ணுக்குள் நின்றது.

அவளுடைய தம்பி சின்னராசாவுக்கு வயிற்றில் அப்படி ஒரு கோடு இருந்தது. குடல்வால் ஒப்பரேசன் செய்த தழும்பு. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு சென்றியில், அதாவது இராணுவக் காவலரணில், பஸ்ஸை மறித்து, ஆம்பிளைகளை இறக்கிச் சேட்டைக் கழற்றவைத்தார்கள். அந்த நாட்களில் உடம்பில் காயத் தழும்பு உள்ள தமிழ் ஆம்பிளை என்றால் அவன் இயக்கத்துச் சண்டைக்காரன்தான், வேறு என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சின்னராசாவை மட்டும் நிற்கவைத்தார்கள். பஸ் வந்தது. அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தம்பிராசா ஒரு நாளைக்குப் போகவர நாலு சென்றி தாண்டுகிறவர்.

"இப்ப வேண்டாம்," என்றாள் அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே. "நிலைமை கொஞ்சம் சரிவரட்டும். படுத்தால் உள்ளுக்குப் போகுதுதானே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "டொக்டர் பிந்தவேண்டாம் எண்டவர்."

"டொக்டர் சென்றியில இறங்கி நிக்கிறவரோ? எனக்கு ஒருத்தன் போனது காணும், இன்னொருத்தர் போகவேண்டாம்."

முதல் திகதி போனது. இரண்டாவதற்கு முன்தினம் நகரில் குண்டு வெடித்தது, அவளுக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. மூன்றாவதற்குச் சாட்டே தேவைப்படவில்லை. பழைய சேலையைக் கிழித்து, உள்ளே துணி உருட்டி வைத்து, இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு பட்டி தைத்துக் கொடுத்தாள். தைத்து முடித்த பிறகுதான் யோசித்தாள்: சாரத்துக்குள் ஒரு பட்டி, அதில் ஒரு உருண்டை, அதோடு ஒரு தமிழன் சென்றிக்குப் போனால் என்ன நடக்கும்? அவிழ்த்து அடுப்பில் போட்டாள். தம்பிராசா கையால் பொத்திக்கொண்டே தூக்கினார். தேசிக்காய் கோழிமுட்டையாயிற்று. படுத்தால் போவது, படுத்து அமத்தினால்தான் போவது என்றாயிற்று.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை அது போகவில்லை.

முதல் நாள் முழுவதும் சீமெந்து ஏற்றியிருந்தார். நாலு மணிக்கு இருமல் வந்து எழும்பியவர் பாயில் சுருண்டார். அவள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். இறுகிச் சிவந்து, தொட்டால் துடித்தார். ஆசுபத்திரிக்கு வெளிக்கிட அவள் சீலை மாற்றுவதற்குள் ஒலிபெருக்கி கேட்டது. இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்கு வரவேண்டும். ஊரை விட்டு யாரும் வெளியேற முடியாது.

ஏழு மணிக்கு வெயில் சுட்டது. ஆண்களை வரிசையாக மணலில் இருத்தியிருந்தார்கள். பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். தம்பிராசா முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒரு தடவை பக்கத்தில் திரும்பிச் சத்தி எடுத்தார். எட்டரைக்கு மறுபடி எடுத்தார், அது பச்சையாக இருந்தது.

குணேஸ்வரிக்கு டொக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. சில மணித்தியாலம் என்றார். நாலு மணியிலிருந்து விரலில் எண்ணினாள். எழும்பிப் போய்ச் சொன்னால் அந்தச் சாரத்தை அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஊரே பார்க்கும். எந்தக் கண்கள் இவர் உடம்பில் படக்கூடாது என்று எட்டு மாதமாக ஒளித்தாளோ, அவர்களையே கூப்பிட்டுக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் இந்த மணலிலேயே சாவார். அவளுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது, காறித் துப்பலாம் போல இருந்தது.

கயிற்றுக்குக் கீழால் குனிந்து போனாள். துவக்குகள் திரும்பின. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே நடந்தாள்.

"ஐயா, என்ர மனுசன் சாகுது. வந்து பாருங்கோ. உடம்பைப் பாருங்கோ."

அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. அவள் கதைப்பதை விட்டுவிட்டுப் புருசனின் சாரத்தைத் தானே விலக்கிக் காட்டினாள். அதிகாரி யாரையோ சத்தமாகக் கூப்பிட்டான். மருந்துப் பையோடு ஒரு இளம் சிப்பாய் ஓடிவந்து முழங்காலில் இருந்து பார்த்தான். "ஹேர்னியா," என்றான். உள்ளே தள்ளிவிடக் கையைக் கொண்டுபோனான்.

குணேஸ்வரி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இராணுவத்தானின் கையைப் பிடித்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். "அமத்தாதேங்கோ! டொக்டர் அமத்தவேண்டாம் எண்டவர். ஆசுபத்திரி, ஆசுபத்திரி!"

அவன் அவளைப் பார்த்தான். வீக்கத்தின் நிறத்தையும் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ வேகமாகச் சொன்னான். ஒரு ஜீப் வந்தது. முன்னால் சிப்பாய் இருந்ததால் வழியில் ஒரு சென்றியும் மறிக்கவில்லை.

பத்தரைக்கு மேசையில் ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் கனகசுந்தரம் வெளியே வந்தார்.

"உயிருக்கு இப்ப பயமில்லை. ஒரு சாண் குடல் கறுத்துப்போச்சு. சுடுதண்ணித் துணி வைச்சுப் பாத்தம், நிறம் திரும்பேல்லை. வெட்டிப்போட்டுப் பொருத்தினனாங்கள். அதுக்கு வயித்திலயும் திறக்கவேண்டி வந்தது."

"வலை, ஐயா?"

"வைக்கேல்லை. வெறும் தையல்தான். பாரம் தூக்கினால் திரும்ப வரக்கூடும்." அவர் தொப்பியைக் கழற்றினார். "மூண்டு திகதி தந்தனான். ஏன் வரேல்லை?"

குணேஸ்வரி தம்பியைப் பற்றிச் சொன்னாள். தழும்பைப் பற்றிச் சொன்னாள். டொக்டர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவரோடு சாய்ந்துகொண்டு, "அதை என்னட்டை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "கடிதம் எழுதித் தந்திருப்பன்." அந்தச் சொல் ஏச்சைவிட மோசமாக உறைத்தது.

ஒப்பரேசன் முடிந்து ஐந்தாம் மாதம், சீமெந்துப் பை அல்ல, வெறும் வெங்காயச் சாக்கு ஒன்றைத் தூக்கியபோது வீக்கம் மறுபடி வந்தது. அடுத்த கிளினிக் நாளுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவள் குணேஸ்வரி. இந்த முறை குடல் நெரிபடவில்லை, கிருமிக்குப் பயமில்லை, டொக்டர் பழைய தழும்பின் மேலேயே வெட்டி வலை வைத்தார். ஆறு கிழமை வரை அவரை ஒரு செம்பு தூக்கக்கூட அவள் விடவில்லை. பிறகு அரைச் சாக்கு, பிறகு முக்கால். மூன்று மாதம் முடிந்த அன்று ஆதம்பாவா முழு மூட்டையைத் தூக்கிப் பிடரியில் வைத்தார். தம்பிராசா பலகையில் நடந்தார், திரும்பி வந்தார். வீக்கம் இல்லை.

கவட்டில் ஒன்று, தொப்புளுக்குக் கீழே ஒன்று. இரண்டு தழும்பு. டொக்டர் இந்த முறை எழுதித் தந்த கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சேட்டுப் பையில் வைத்து, ஊசி குத்தி அனுப்புகிறாள். கடிதம் இங்கிலீசில் இருக்கிறது. சென்றியில் நிற்கிறவன் அதை வாசிப்பானா, வாசித்தாலும் நம்புவானா, யாருக்குத் தெரியும்? மூட்டையைப் பற்றிய பயம் அவளுக்குப் போய்விட்டது. பின்னேரம் ஐந்தரை பஸ்ஸுக்குச் சந்தியில் போய் நிற்கிறாள். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். அவர் இறங்கும்வரை அவள் யாரோடும் கதைப்பதில்லை.