கறுப்புக் கட்டம் போட்ட துண்டுப்பிரசுரம்

என் கணவர் போய் நான்காம் மாதம் அது. கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்துவந்தேன். அவருக்காக மதில்களில் ஒட்டிய மரண அறிவித்தலையும் நானேதான் செய்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். யாரும் கேட்டால் பதில் சொல்வேன். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட மருத்துவ உபகரணக் கடை வைத்திருந்த அக்கா ஒருநாள் பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்தா. பளபளக்கும் வெள்ளைத் தாளில் வெளிர் நீல எழுத்து, அதுவும் பொடி எழுத்து. வயதானவர்கள் அதைக் கடைக்கே கொண்டுவந்து, இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்கிறார்களாம். பிரஷர் பார்க்கும் மெஷின், சீனி பார்க்கும் மெஷின், கைத்தடி, வோக்கர், எல்லாம் அவர்களுக்காகத்தானே விற்பது என்றா. பெரிய எழுத்தில், கண்ணுக்கு எடுப்பாக வேண்டும், பஸ் தரிப்பிடங்களில் ஒட்டவும் வேண்டும். கடைக்கு வழக்கமாக வரும் ஜெயபுரத்து ஐயா ஒருவரின் படத்தையும் தந்தா. வோக்கர் பிடித்து நடப்பவர். படம் எடுப்பதற்காகவே தலைமயிர் வெட்டி, வெள்ளைச் சேர்ட் போட்டு வந்திருந்தார்.

வேலையைச் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். வெள்ளையில் கறுப்பு. தடித்த, பெரிய எழுத்து. வெளிச்சம் பட்டுக் கண் கூசாதபடி மினுக்கம் இல்லாத தாள். நடுவில் ஐயாவின் முகம், சுற்றிவரக் கறுப்புக் கட்டம். அக்காவும் எழுத்தைப் பார்த்தாவே தவிர வேறொன்றையும் கவனிக்கவில்லை.

ஒட்டி மூன்றாம் நாள் ஐயா பஸ் ஏறி அச்சகத்துக்கே வந்துவிட்டார். வோக்கரை வாசல்படியில் தூக்கி வைத்து ஏறினார். நான் கதிரை போட்டேன். மூச்சு வாங்கி முடிந்த பிறகுதான் பேசினார்.

“பிள்ளை, நான் செத்திட்டன் எண்டு தங்கச்சி முல்லைத்தீவில இருந்து சனத்தோட வந்து இறங்கீட்டாள்.”

பூநகரி றோட்டில் ஓடும் பஸ்ஸிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கண்டிருக்கிறார். வெள்ளைத் தாள், கறுப்புக் கட்டம், நடுவில் ஐயாவின் முகம். எழுத்தை வாசிக்க நேரமில்லை, வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. வந்தவர்கள் அழுதுகொண்டு படலையைத் திறந்தபோது ஐயா முற்றத்தில் நின்று கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாராம்.

கணினியில் அந்த வேலையைத் திறந்தேன். மேலே கோப்பின் பெயர் தெரிந்தது. அது என் கணவரின் பெயர். அவருடைய அறிவித்தலைத் திறந்து, படத்தையும் சொற்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். செய்தது ஞாபகமே இல்லை. அழுகை வரும் என்று கொஞ்சநேரம் பார்த்திருந்தேன். வரவில்லை.

“ஐயா, பிழை என்னிலதான். இது என்ர மனுசன்ர நோட்டீஸ். அதுக்கு மேலதான் உங்களைப் போட்டிருக்கிறன்,” என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். “எவ்வளவு காலம்?”

“நாலு மாசம்.”

“அப்ப வேற தாள் எடுங்கோ பிள்ளை. நான் இருக்கிறன். வாசிச்சுக் காட்டுறன்.”

வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தேன். மஞ்சளில் கறுப்பு எழுத்து போட்டு ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். நிறம் நல்லாய்த் தெரிகிறது, ஆனால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலக் கிடக்கிறது என்றார். எழுத்தை அளவுக்கு மீறித் தடிப்பாக்கியதில் சுழிகள் அடைபட்டுப் போயிருந்தன. தடிப்பைக் குறைத்து அளவைக் கூட்டினேன். அடுத்த தாளில் மேல்வரியில் ‘சு’, ‘பு’வின் கால்கள் கீழ்வரியில் ‘கி’, ‘மி’யின் விசிறிகளில் முட்டின. வரிகளை விலக்கினேன். இடம் போதாமல் போகவே, பொருட்களின் பட்டியலில் பாதியை எடுத்துவிடலாமா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். வாசிக்க முடியாத பாதியால் என்ன பிரயோசனம், எடுங்கோ என்றா. தொலைபேசி எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து அடியில் தனியாக வைத்தேன்.

ஐந்தாவது தாளை ஐயா தடங்கலில்லாமல் வாசித்தார். படம் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். வேண்டும் என்றார், ஆனால் வெறும் முகமாகப் போடக்கூடாது, நடக்கிற ஆளாக முழுசாய்ப் போடவேண்டும். அச்சகத்துக்கு முன்னால் வோக்கரோடு இரண்டு அடி வைத்தார். என் போனிலேயே எடுத்தேன். கட்டம் போடவில்லை.

பழையவை எல்லாவற்றுக்கும் மேல் புதியதை ஒட்டுவித்தா அக்கா. இரண்டு கிழமைக்குள், வயதானவர்கள் தாளை நாலாக மடித்துக்கொண்டு வந்து, வரியில் விரலை வைத்து, இது வேணும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். போன் எடுத்துச் சொன்னா. ஐயாவின் தங்கச்சி இன்னும் ஜெயபுரத்தை விட்டுப் போகவில்லையாம், அண்ணனுக்குச் சமைத்துப் போடுகிறாவாம்.

சரி அக்கா என்று போனை வைத்தேன். அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு வாய் வைத்தபோது, பருப்புக்கு உப்புக் கூடிவிட்டது என்று தெரிந்தது. காலையில் நான் சமைத்ததுதான். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டேன்.