கடிதத்துக்கு அடியில் கிடந்த போட்டோ

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் எழுதிய கடிதங்களிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது அந்த ஒன்றுதான். பெருமை பத்து நிமிஷம் தாங்கியது.

ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ வந்திருந்தது. அட்டையில் ஒட்டி, கீழே வரிசையாகப் பிள்ளைகளின் பெயர். வருஷா வருஷம் அதை அப்படியே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுகிறவன் நான்தான். இந்த வருஷம், கோரிமேட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா வந்து நின்றார்.

"எம்பொண்ணு எங்க படிக்குதுன்னு அவங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது சார். கோர்ட்டுல கேஸ் நடக்குது. தெரிஞ்சா வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தலைமையாசிரியையிடம் மட்டும் சொல்லிவிட்டு, காரணத்தை மறைத்து எழுதினேன்: 'முகம், பெயர், பள்ளி மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால், யாரோ ஒருவர் உங்கள் குழந்தையை நாலு மணிக்கு எந்த வாசலில் பார்க்கலாம் என்று கண்டுபிடித்துவிடலாம். எனவே பெயருடன் வகுப்புப் போட்டோவை இணையத்தில் போட மாட்டோம். முகம் மட்டும் போடவும் உங்கள் கையெழுத்து வேண்டும்; அதற்கான சீட்டு இன்று பிள்ளைகள் கையில் வரும்.'

கடிதத்தை மேஜையில் வைத்துப் படமெடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினேன். மூலக்குளத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு அப்பா கூப்பிட்டார்.

"சார், போடுறீங்களா, போடலையா?"

"போடலைங்க. பாதுகாப்பு என்றால்..." என்று கடிதத்தை முழுசாக ஒப்பித்தேன்.

"அதெல்லாம் படிச்சிட்டேன். கீழ கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். கடிதத்தை நான் வைத்திருந்ததே அந்தப் போட்டோ அட்டையின் மேல். மேலே பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள். அதற்குக் கீழே, தரையில் உட்கார்ந்த வரிசையின் முகங்களும் பெயர்களும். மூன்றாவது பெயர் கோரிமேட்டு அம்மாவின் பெண்ணுடையது.

அவசரமாக நீக்கினேன். படம் மறைந்தது. அப்பாடா.

"இன்னும் இருக்கே சார்," என்றார் டயர் கடைக்காரர்.

எனக்கு மட்டும் நீக்கியிருந்தேன்! ஊருக்கெல்லாம் தெரிகிற படம் எனக்குத்தான் தெரியவில்லை. இனி என்னால் நீக்கவும் முடியாது. குரூப்பின் அட்மின் தலைமையாசிரியை. மாடிப்படியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அவர் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, நீக்கினார். உடனே குரூப்பில் கேள்விகள்: 'என்ன டெலீட் பண்ணீங்க?' 'ஃபீஸ் விஷயமா சார்?' 'எம்புள்ள என்ன பண்ணான்?'

தப்பு என்னுடையது, சேமித்தவர்கள் அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். 'எடுத்துட்டேன் சார்' என்று முதலில் எழுதியவர் டயர் கடைக்காரர். பலர் எழுதினார்கள். சிலர் எழுதவில்லை. கோரிமேட்டு அம்மா கூப்பிடவே இல்லை.

மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டை மேற்பார்வையிடுகிற மாதிரி வாசலில் நின்றேன். மணியடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அந்த அம்மா கையெழுத்துச் சீட்டை நீட்டினார். 'வேண்டாம்' என்பதைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வட்டமிட்டிருந்தார்.

"லெட்டர் நல்லா இருந்துச்சு சார். அடுத்த தடவ வெறும் மேஜையில வச்சு எடுங்க."

சிரித்தாரா, திட்டினாரா, இன்றுவரை புரியவில்லை. நாலு மணிக்கு நானும் தினமும் அந்த வாசலில்தான் நிற்கிறேன்.