பதினோராவது மீட்டரில் ஒரு ஸ்குரு

கேபிள்காரருக்கு ஊரார் வைத்த பெயர் லைட்டு. யார் வீட்டுக்குப் போனாலும், நலம் விசாரிக்கும் முன் இன்டர்நெட் மோடத்தின் விளக்கைக் குனிந்து பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றும் தன்னை இரண்டாவதாகத்தான் பார்த்தார் என்று மனைவி இன்றுவரை சத்தியம் செய்கிறாள். லைட்டு மறுப்பதில்லை. "பச்சையா எரிஞ்சுது. நல்ல குடும்பம்னு முடிவு பண்ணேன்" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா வாசலிலேயே மடக்கினார்.

"கம்ப்யூட்டரை மாத்தியாச்சு, நெட்வொர்க் சுவிட்சை மாத்தியாச்சு. ஒரு படம் திறக்கறதுக்குள்ள நோயாளி தானா குணமாயிடுவார் போல. சாயந்திரத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அந்தக் கட்டடத்தின் வயர் முழுவதும் லைட்டின் கைவண்ணம். வேற ஆள் என்ற சொல் நெஞ்சில் சுருக்கென்றது.

எல்லா அறை ஒயர்களும் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டியில், டாக்டர் அறையின் இணைப்புக்கு ஆரஞ்சு விளக்கு. ஆயிரம் மெகாபிட் வேகத்தில் பச்சை எரிய வேண்டிய இடம். ஆரஞ்சு என்றால் நூறுதான். தன் லேப்டாப்பைச் சின்ன ஒயரால் நேராக சுவிட்சில் செருகினார். பச்சை. அதே ஒயரால் டாக்டர் அறைச் சுவர் சாக்கெட்டில் செருகினார். ஆரஞ்சு.

"சுவத்தோரம் ஓடற கேபிள்ல இருக்கு சமாச்சாரம்" என்றார், துப்பறிவாளர் தோரணையில்.

"அறுந்திருந்தா மொத்தமா நிக்கணுமே?" டாக்டரம்மாவுக்கும் ஆர்வம் தொற்றியது.

"உள்ள நாலு ஜோடி கம்பிங்க மேடம். ஆயிரத்துக்கு நாலும் வேணும், நூறுக்கு ரெண்டு போதும். ரெண்டு முனையும் முதல்ல பேசிக்கும், 'ஆயிரம் போலாமா?' 'போலாம்'னு. கிளம்பிப் பார்த்தா ஒரு ஜோடி இல்ல. சரி, கௌரவம் பார்க்காம நூறுலயே போவோம்னு இறங்கிடும்."

"மனுஷங்களுக்கு அந்தப் புத்தி இல்லையே!"

கம்பிக்கு ஒரு விளக்கு காட்டும் கேபிள் டெஸ்டரில் நான்காம் ஐந்தாம் விளக்குகள் எரியவில்லை: நீல ஜோடி. லேப்டாப்பில் திறந்த சுவிட்சின் சோதனைப் பக்கமோ, அந்த ஜோடி பதினோரு மீட்டரில் அறுந்திருக்கிறது என்றது. லைட்டு அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, கேபிளை மூடிய பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிச் சுவரோரம் நடந்தார். பதினொன்று சரியாக ஒரு புது அலமாரியின் முதுகில் வந்து நின்றது.

அலமாரி போட்ட தச்சர், லைட்டின் மைத்துனர். போன் பறந்தது.

"யோவ் மச்சான், என் கேபிள் பட்டையிலயா ஸ்குரு அடிச்சே?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க? 'கட்டடத்துலயே நேரான கோடு என் பட்டைதான், அதை வெச்சே அளவு எடு'ன்னு!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டாக்டரம்மா கேட்டுவிட்டார்.

"நான்தான் சொன்னேன் மேடம்" என்றார் லைட்டு, போனை அணைத்து.

மாலைக்குள் அலமாரியைச் சுற்றிப் புதுக் கேபிள் இழுத்தார். பச்சை எரிந்தது. படம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. பையை மூடும்போது டாக்டரம்மா கேட்டார்:

"மத்த ஆறு ரூம்லயும் உங்க மச்சான்தானே அலமாரி போட்டாரு?"

"ஆமா மேடம்."

"எல்லாம் அதே கோட்டுலயா?"

"நூல் பிடிச்ச மாதிரி."

"அப்ப வேற ஆளுக்கு ஸ்குரு எங்கேன்னு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில வந்துடுங்க."