கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை

அருணாதேவிக்கு பியானோ வாசிக்க வரும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பழகிய பாட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள், கேட்கிறவன் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் முன்னே பின்னே பார்த்திராத பாட்டின் நோட்ஸை எதிரில் வைத்து, "எங்க, இதை வாசிங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு. நாலாவது வரிக்குள் நின்றுவிடுவாள்.

நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவளுக்கு அது சிரிப்பில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வயலில் மணிலாக் கடலை போடுவார்கள், நெல் போடுவார்கள். மார்கழி மாசத்துப் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லாமல் போன ஒரு வருஷம், பள்ளிக்கூடத்துப் பெண்ணான இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்தப் பஜனைக் குழுவில் ஒரு வழக்கம். சாமி முன்னால் தப்புச் சுரம் விழுந்தால், விழவைத்தவர் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பாடுகிறவர், தாளம் தட்டுகிறவர், ஆர்மோனியக்காரி, எல்லோருக்கும் இதே சட்டம்தான். ஆர்மோனியத்தில் அது ஒரு குறையாகவே தெரியாது. வலது கை ஒரு நொடி எழுந்து கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தால், சுற்றியிருக்கும் இருபது குரலும் பாட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பியானோவில் அது நடக்காது. வலது கை எழுந்தால் மெட்டு அறுந்தது. மெட்டு அறுந்தால் இடது கையும் திகைத்து நிற்கும். பிறகு அவள் தப்பான இடத்துக்குத் திரும்பிப் போய் அதைச் சரி பண்ணி வாசிப்பாள். அதற்குள் கூடப் பாடுகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்கள்.

இப்படித்தான் இரண்டு பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர் வேலை கைக்கு வந்து நழுவிப் போனது. மூன்றாவதாக ஒன்று வந்தது. அவள் இப்போது தங்கியிருக்கும் கோயில் டவுனுக்கு வெளியே, அடி அண்ணாமலை தாண்டி இருக்கிற தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். அங்கே குழந்தைகளின் பாடகர் குழு இருந்தது, அதற்கு வாசிக்க ஆள் தேவை. தேர்வு ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குக் கையில் கொடுக்கும் புதுப் பாட்டை, குழந்தைகள் பாடப் பாட, கூட வாசித்துக் காட்ட வேண்டும்.

டவுனில் ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அவளும் தோழி கவிநிலாவும் சேர்ந்து கீபோர்டு கிளாஸ் நடத்திய அறையை, வீட்டுக்காரர் கஃபேக்குக் கொடுத்துவிட்டார். மாசக் கடைசியில் காலி பண்ண வேண்டும். கவிநிலா சென்னைக்குப் போகிறாள், அவளுக்கு அங்கே வேலை தயார். அருணாதேவிக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் ஊரில் அண்ணனுடைய ஃபேன்சி ஸ்டோரில் வளையல் எடுத்துக் கொடுக்கலாம். அங்கே பியானோ எங்கே, பாட்டு எங்கே.

"அழுவுறதா இருந்தா அழுதுட்டு வந்து உக்காரு. நான் வெயிட் பண்றேன்," என்றாள் கவிநிலா. இவள் வயசுக்காரிதான், வாய் மட்டும் ரெண்டு வயசு ஜாஸ்தி.

"எனக்கு வராதுடி. விரல் எல்லாம் சரியாத்தான் போவுது. ஒன்னு தப்பாச்சுன்னா கை தானா மேல போயிடுது."

"கையைக் கட்டிப் போட முடியாது. கண்ணைக் கட்டலாம். அந்தப் பத்திரிகையை எடு."

அலமாரியில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை அருணாதேவி எடுத்துக் கொடுக்க, கவிநிலா வாங்கிக்கொண்டாள். புது நோட்ஸ் ஒன்றை ஸ்டாண்டில் வைத்தாள். போனில் தாளத்தைத் தட்ட விட்டாள். அருணாதேவி வாசிக்க வாசிக்க, வாசித்துக்கொண்டிருக்கும் இடத்தையே பத்திரிகையால் மூடிக்கொண்டு வந்தாள். பின்னால் போக வழியே கிடையாது. அடுத்ததைத்தான் பார்க்க வேண்டும். பத்திரிகையின் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கும் சுரம் என்னவென்று தெரியாமல் போனால், போனதுதான்.

"முதல்ல வாசிக்காத, பாரு! சுரத்தை அரைப்படி இறக்குற ஃப்ளாட்டு எத்தனை? ஏத்துற ஷார்ப்பா? சந்தோஷ மேஜரா, சோக மைனரா? தாள எண்ணிக்கை என்ன? ஜாஸ்தி நெரிசலா இருக்கற இடம் எது? அந்த இடத்துல என்ன வேகம் தாங்குமோ அதான் முழுப் பாட்டுக்கும் வேகம். முதல் வரி சுலபமா இருக்குதுன்னு ஓட ஆரம்பிச்சிடாத தாயே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரே மாதிரி வர்றதைக் கண்டுபிடி. ஒவ்வொரு எழுத்தாவா பேப்பர் படிக்கிற? வார்த்தையாத்தானே படிக்கிற. இறங்குற ஸ்கேலு, ஒன்னா அமுக்குற சுரங்களை உடைச்சு வர்ற கார்டு, மறுபடி வர்ற வரி. தப்பு வந்துச்சா? வரட்டும். வலது கை போனாலும் இடது கை நிக்கக் கூடாது. அடுத்த பாரோட, கோடு போட்டுப் பிரிச்ச அடுத்த கட்டத்தோட, முதல் தட்டுல வந்து சேந்துக்க."

தினமும் புதுசு புதுசாக வாசித்தாள். நிற்பது கம்மியாயிற்று. கை மட்டும் கேட்கவில்லை. தப்பு விழுந்ததும் வலது கை எழும், கவிநிலா கத்துவாள், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வாள். தேர்வுக்கு முந்தின நாள்கூட அது எழுந்தது.

தேர்வன்று மூன்று பேர் வந்திருந்தார்கள். அருணாதேவி கடைசி. வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். மூடிய கதவுக்குள் குழந்தைகள் பாடுவது மங்கலாகக் கேட்டது. பாட்டு போய்க்கொண்டே இருந்து, சட்டென்று அறுந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி ஆரம்பித்தது, மறுபடி அறுந்தது. வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடுத்து உள்ளே போன பெண்ணுக்கும் அதே கதி. அவள் போகும்போது, "பசங்க நின்னுட்டாங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

அடப்பாவமே, உள்ளே என்னதான் வைத்திருக்கிறார்கள்? எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட அருணாதேவிக்குத் தோன்றியது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாட்டு மாஸ்டர் பெயர் பிரகாஷ். ஒல்லியான மனிதர், சிரிப்பு கிடையாது. குழந்தைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். இரண்டு பேரிடமும் நின்று நின்று பாடிய சலிப்பு முகத்தில் தெரிந்தது.

"வாங்க. ரெண்டே பக்கம்தான். அரை நிமிஷம் பாத்துக்குங்க. வாசிக்கக் கூடாது. நீங்க ரெண்டு பார் ஆரம்பிச்சுக் கொடுத்தா பசங்க பாடுவாங்க," என்றார்.

இரண்டு பக்கமும் எதிரெதிராக விரித்திருந்தது. வரி ஆரம்பத்தில் இரண்டு ஃப்ளாட். பி ஃப்ளாட் மேஜரா, ஜி மைனரா? இடது கை ஜி-யில் ஆரம்பிக்கிறது, நடுநடுவே எஃப் ஷார்ப் எட்டிப் பார்க்கிறது. அப்படியென்றால் ஜி மைனர். ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகச் சேர்த்தால் இரண்டு தட்டு. இடது கை முழுக்க ஒரே மாதிரி, உடைத்து உடைத்து ஏறும் கார்டு. மூன்றாவது வரி முதல் வரிதான். நெரிசல் எங்கே? இதோ, இரண்டாவது வரிக் கடைசியில் கருப்பாக மொய்க்கிறது. பயப்படாதே, அது வெறும் ஸ்கேல், மேலிருந்து இறங்குகிறது. மடியில் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அந்த ஸ்கேல் தாங்கும் வேகத்தை மனசில் எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பக்கம்...

"ஆரம்பிக்கலாமா?"

இரண்டாம் பக்கத்தை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாமா? கேட்டால் கொடுப்பாரா? கேட்கவில்லை. மனசுக்குள் ஒரு முழு பார் காலியாக எண்ணிவிட்டு வாசிப்பில் இறங்கினாள்.

இரண்டு பார் போனதும் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். கண் ஒரு பார் முன்னால் ஓட, கை பின்னால் வந்தது. மொய்த்துக் கிடந்த இடம் வந்தது, வழுக்கிக்கொண்டு இறங்கிப் போனது. மூன்றாவது வரி தெரிந்த வரி, மூச்சு விட்டாள். முதல் பக்கம் முடிந்தது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாரில் குழந்தைகள் பளிச்சென்று மேலே திறந்து பாடினார்கள். அவளுடைய வலது கை பி ஃப்ளாட்டில் விழுந்தது. ஐயோ! குழந்தைகள் பாடியது வெறும் பி. இரண்டும் உரசி, காது கூசியது. வரித் தொடக்கத்தில் இரண்டு ஃப்ளாட்டையும் ரத்து செய்து ஒற்றை ஷார்ப் உட்கார்ந்திருந்தது. பாட்டு மைனரிலிருந்து மேஜருக்குப் புரண்டுவிட்டது. முன்னால் வந்த இரண்டு பேரும் விழுந்த குழி இதுதான்.

முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண்ணின் வாய் பாதி மூடியது. இன்னொரு நொடி போனால் எல்லா வாயும் மூடிவிடும். அருணாதேவியின் வலது கை எழுந்தது. எழுந்தே விட்டது! இத்தனை நாள் திட்டு வாங்கியதெல்லாம் வீண். கை கன்னத்துக்குப் போய், படக் படக்கென்று இரண்டு தட்டு தட்டியது.

ஆனால் இடது கை நிற்கவில்லை. அந்த பாரில் அதற்கு ஜி-யும் டி-யும் மட்டும்தான். மைனரானாலும் மேஜரானாலும் அதற்கு ஒன்றுதான். அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சின்னப் பெண் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கண்ணை ஒற்றை ஷார்ப்பில் வைத்து, அடுத்த பாரின் முதல் தட்டில் வலது கை வந்து சேர்ந்தது. பி சரியாக விழுந்தது. அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் சறுக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் கார்டு வரை போய், கையை எடுத்தபோது முதுகு நனைந்திருந்தது.

பிரகாஷ் அவளையே பார்த்தார்.

"நடுவுல கன்னத்துல என்னமோ..."

பொய் சொல்ல வரவில்லை. "சார், அது பஜனைப் பழக்கம். தப்பு சுரம் விழுந்தா கை தானா போயிடும். எவ்ளோ முயற்சி பண்ணாலும் அந்தப் பழக்கம் விட மாட்டேங்குது." சரி, வளையல் கடைதான் என்று எண்ணிக்கொண்டாள்.

"போன ரெண்டு பேரும் உங்களை விட நல்லா வாசிச்சாங்க," என்றார் பிரகாஷ். "அந்த இடம் வந்ததும் நின்னு, சாரி சொல்லி, திரும்ப வாசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் பசங்க தொலைஞ்சு போனாங்க. உங்களுக்குத்தான் பசங்க கடைசி வரைக்கும் வந்திருக்காங்க. திங்கக்கிழமை வந்துடுங்க."

வேலை கிடைத்ததைக் கவிநிலாவிடம் போனில் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "கை எழுந்துச்சா?" என்றுதான். எழுந்தது என்றதும், "நாசமாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

திங்கட்கிழமை முதல் ஒத்திகை. புதுப் பாட்டு. மூன்றாவது வரியில் அதே சின்னப் பெண் உயரமான சுரத்தை எட்டாமல் கீழே விழுந்தாள். அருணாதேவி ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பெண் பாடுவதை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே, படக் படக்கென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.