மெயிலைப் படித்த குரல்

நெதர்லாந்திலிருந்து அந்த மெயில் வந்தபோது மதியம் மூன்று மணி. மின்சாரம் போய், கீழே அக்கா புருஷன் பாவாவின் விசைத்தறிகள் சட்டென்று அடங்கியிருந்தன. திருத்தணியில் வீட்டிலிருந்தே மருத்துவக் கருவிகளுக்குக் கையேடு எழுதுகிறேன். அனுப்பியவர் அங்கே என் குழுத் தலைவர். வணக்கமும் இல்லை, என் பெயரும் இல்லை.

"மூன்றாம் பகுதி தவறு. இப்படி வெளியிட முடியாது. மறுபடி எழுது."

அதை நான் படிக்கவில்லை, கேட்டேன். செத்து நான்கு வருடமான என் அப்பாவின், நைனாவின் குரல், அடுப்படிப் பக்கமிருந்து நிதானமாகப் படித்தது. கோபம் முற்றினால் நைனா கத்த மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்துவார், மூன்று சொல்லில் முடிப்பார், அப்புறம் பல நாள் பேச்சே இருக்காது.

நான்கு மாதமாக அந்த மனிதரின் மெயில் எல்லாம் இந்தக் குரலில்தான் வந்துகொண்டிருந்தது. எதற்கும் 'சரி, நன்றி' என்று பதில் போட்டுவிட்டு உள்ளுக்குள் பொருமுவேன். என்ன கொழுப்பு இவனுக்கு! ராஜினாமா கடிதத்தை எழுதியே வைத்துவிட்டேன். அனுப்பினால் மறுபடி பழையபடி வேலைக்கு விடியற்காலை சென்னை ரயில்தான், அதுவும் தெரியும்.

தறி நின்றதால் மேலே வந்த பாவா என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். மாமனாரே எதிரில் நிற்பதுபோல அவர் வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றார். "இன்னாம்மா இது, உங்க நைனா பேசற மாதிரியே கீது. அந்தாளு கொரல நீ கேட்டுக்கிறியா?"

"இல்ல பாவா. மெயில் மட்டும்தான்."

"அப்ப கோவமா இல்லியான்னு அவரையே கேளு. கடிச்சிடவா போறாரு?"

எழுதினேன்: 'மூன்றாம் பகுதி மட்டும் சரியில்லையா, என் வேலையே பிடிக்கவில்லையா?'

ஐந்து நிமிடத்தில் போனில் வீடியோவில் வந்தார். கண்ணாடி, மெல்லிய குரல், நடுநடுவே இருமல். "மூன்றாம் பகுதி மட்டும்தான். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது, அதனால் எழுதவில்லை. திருத்த வேண்டியதை மட்டும் எழுதுவது எங்கள் பழக்கம். நீங்கள் எப்போதும் சரி என்றீர்கள், நானும் சரி என்றே நம்பினேன். சரியில்லை என்றால் சொல்லுங்கள், எனக்கு அது உதவி."

கடிதத்தை அழித்தேன்.

திங்கட்கிழமை அடுத்தது வந்தது. "ஐந்தாம் படம் தவறு. மாற்று." இருமல் குரல் படித்தது. சிரித்துக்கொண்டே மாற்றினேன். அப்புறம்தான் என்னவோ குறைவதாகப் பட்டது. பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் இருமல்தான்.

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்கவில்லையோ என்று, அது நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றது. மூன்றாம் பகுதி மெயிலை மறுபடி திறந்தேன்.

"இன்னொரு தடவை திட்டிட்டுப் போங்க நைனா" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னேன்.