முதல் வரியில் எதை எழுதுவது?

பொம்மனஹள்ளியில் நானும் தோழியும் ஐந்து வேன்களோடு சரக்கு டெலிவரி கம்பெனி நடத்தினோம். முதலீட்டாளர் ஒருவர் எங்கள் தொழிலின் ரிஸ்க் பட்டியலைக் கேட்டார். இணையத்தில் கிடைத்ததை அப்படியே ஒட்டினேன்: நிலநடுக்கம், சைபர் தாக்குதல், அந்நியச் செலாவணி.

"இதுல நமக்கு எது நடந்திருக்கு?" என்றாள் தோழி.

வெட்கத்தோடு அழித்தேன். டிரைவர்கள் அடிக்கடி சொல்லாமல் நின்றுவிடுவதை முதலில் எழுதினேன்.

"டிரைவர் நின்னா ஒரு நாள் லேட்டாகும். பீன்யா ஃபேக்டரி நம்மள விட்டா?"

பாதிக்கு மேல் லோடு அந்த ஒரே ஃபேக்டரியுடையது. ஆனால் விடுவதாக அவர்கள் சொன்னதே இல்லை. அடிக்கடி வருவது பெரிதா, வந்தால் கம்பெனியையே மூடவைப்பது பெரிதா? குழம்பிப்போய், கடைசியில் ஃபேக்டரியை முதலில் போட்டேன்.

அந்த வரியைப் படித்து முதலீட்டாளர் தலையசைத்தார். சம்மதமா, பயமா, புரியவில்லை. மறுநாளே சந்தாபுராவில் வேறு வாடிக்கையாளர் தேடக் கிளம்பினேன்.