பாதம் இல்லாத பொம்மை

வைஷ்ணவியின் பேரைக் கேட்டுவிட்டு அவளை ஸ்ரீரங்கத்துக்காரி என்று நினைப்பவர்கள் அதிகம். அவள் உப்பிலியபுரத்துக்காரி. அப்பா வீரமலைக்கு மரவள்ளிக் காடு, குலசாமி கருப்பு. பிரசவம் பார்த்த நர்ஸம்மா நல்ல பேர் என்று சொன்னதால் அந்தப் பேர் வந்தது. அந்தப் பேர் ஒருநாள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டார்கள்?

தில்லைநகரில் மாடியில் இரண்டு அறை, அதுதான் எங்கள் ஆபீஸ். போனில் ஆடும் விளையாட்டு செய்கிறோம். இளவரசன் முதலாளி. நான் ஜெஸிமா, விளையாட்டுக்குச் சத்தம் போடுகிற ஆள். பஸ் ஹாரன், மணிச்சத்தம், வடை எண்ணெயில் விழும் சத்தம் எல்லாம் நான்தான். வைஷ்ணவி ஆள் செய்கிறவள். போட்டோவைக் கொடுத்தால் அதைக் கட்டம் கட்டமான குட்டி பொம்மையாக மாற்றித் தருவாள்.

எங்கள் விளையாட்டு ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடக்கிறது. ஒவ்வொரு கடையிலும் நிஜமான கடைக்காரரே நிற்க வேண்டும் என்பது இளவரசனின் ஆசை. அதற்கு அந்தந்தக் கடைக்காரர் பொம்மையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் காப்பித்தூள் கடை ரெங்கராஜன். அவரிடம்தான் வண்டி நின்றது.

வைஷ்ணவி சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறாவது மாதத்தோடு தகுதி பார்க்கும் காலம் முடியும். “வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவர் ஓகே சொல்லணும். இல்லன்னா அந்த வேலையை வெளியில படம் போட்டுத் தர்ற ரெஜிஸ்கிட்ட குடுத்துடறேன், உன் விஷயத்தையும் யோசிக்கணும்” என்று இளவரசன் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பினால் மாப்பிள்ளை ஜாதகம் தயாராக இருந்தது. ஆகவே அந்தப் பொம்மை வெறும் பொம்மை இல்லை.

வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பொம்மைக்கு அகலம் இருபத்து நாலு கட்டம், உயரம் முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு கட்டமும் கிடையாது. விளையாட்டு முழுவதற்கும் சேர்த்துப் பதினாறு நிறம், ஒரு ஆளுக்கு அதில் எட்டுதான். எல்லோருக்கும் பெரிய தலை, குட்டை உடம்பு. அதனால் வைஷ்ணவி போட்டோவில் தலையை மட்டும் தனியாக வெட்டி, பதினாலுக்குப் பதினாலு கட்டமாகச் சுருக்குவாள். பக்கத்து நிறங்களைக் கலந்து சுருக்கினால் முகம் ரசத்து மண்டி மாதிரி கலங்கிவிடும். கலக்காமல் சுருக்கினால் மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, கையால்தான் ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும்.

ரெங்கராஜனின் போட்டோவில் அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி, ஏறிய நெற்றி, நெற்றி நிறைய நாமம். சுருக்கியதும் நாமத்தின் சிவப்பு காணாமல் போய் தோலின் பழுப்போடு கலந்துவிட்டது. எட்டு நிறத்தில் ஒன்றைச் சிவப்புக்கு ஒதுக்கி, நடுக்கோட்டை அவளே வரைந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை, கீழே இரண்டையும் சேர்க்கும் வெள்ளை வரிசை. அதற்கும் கீழே, மூக்குக்கு மேல், ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் துருத்திக்கொண்டிருந்தது.

“இது என்ன, கண்ணாடி பளபளப்பா?” என்று கேட்டாள்.

“அப்படித்தான் தெரியுது” என்றேன். என்னைக் கேட்டது அவள் தப்பு.

துருத்திக்கொண்டிருக்கும் ஒத்தைக் கட்டம் குப்பை என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். அழித்தாள். நெற்றி சுத்தமாயிற்று. போட்டோவில் இல்லாத வேட்டியையும் காலையும் மற்றப் பொம்மைகளைப் பார்த்து வரைந்து, பழுப்புச் செருப்பு மாட்டி, பெரிதாக்கி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. ‘படம் நன்னா இருக்கு குழந்தே. பாதம் இல்லை. வெச்சுக் குடு.’

“செருப்புப் போட்டதால கால் தெரியல போல” என்றாள். செருப்பைக் கழற்றினாள். தோல் நிறத்தில் காலுக்கு இரண்டு கட்டம் வைத்து அனுப்பினாள்.

‘இன்னும் பாதம் வரலையே.’

வேட்டியை ஒரு வரிசை தூக்கிக் கட்டினாள். காலுக்கு மூன்று கட்டம், ஓரத்தில் வெளிர்நிறத்தில் விரல் மாதிரி ஒன்று. வறுத்த வேர்க்கடலை இரண்டு தரையில் கிடப்பதுபோல இருந்தது. அதற்கும் அதே பதில். இளவரசன் எட்டிப் பார்த்துவிட்டு, “காலைப் பெருசாக்கு, அவ்வளவுதானே” என்று போனார். பெரிதாக்கினாள். பொம்மை முப்பத்து மூன்று வரிசை ஆகிவிட்டது. விளையாட்டில் போட்டுப் பார்த்தால் சட்டத்துக்கு வெளியே போன கடைசி வரிசை வெட்டுப்பட்டு, விரலெல்லாம் போயிருந்தது. இப்போது நிஜமாகவே பாதம் சரியில்லை. ஆனால் அவருக்குப் போனது வெறும் படம்தான், அதில் கால் முழுசாகத்தான் இருந்தது. அதற்கும் ‘பாதம் எங்கேம்மா?’ என்றே வந்தது.

அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சார், பாதம் வெச்சிருக்கேனே. ரெண்டும் இருக்கு சார்.”

“ரெண்டா? ஒண்ணுதாம்மா வேணும்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“எந்தப் பக்கம் சார்?”

“நடுவில. வேறெங்க வெப்பா? அது இல்லேன்னா அது நானே இல்லை. பேர் வைஷ்ணவின்னு வெச்சுண்டு இதைப் போய் கேக்கறயே.”

போனை வைத்துவிட்டார். நடுவில் ஒரே பாதம். வைஷ்ணவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, என் பேருக்கும் அவர் காலுக்கும் என்னக்கா சம்பந்தம்?” என்றாள். எனக்கு எங்கே தெரியும்? நான் பாலக்கரை பள்ளிவாசல் பக்கத்துக்காரி.

வெள்ளிக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினோம். நேரில் அவர் பாதத்தைப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, அதைச் சுருக்கிவிடுவது என்று திட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதைவிட நல்ல திட்டம் போடும். ஆனால் எங்களிடம் அதுதான் இருந்தது.

கடை, போட்டோவில் இருந்தபடியே இருந்தது. காப்பி அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கராஜன் எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்தினார்.

“வாங்கோ. யாரு, வைஷ்ணவியா?”

“ஆமா சார். தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பாதத்தை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு வேட்டியைச் சற்று விலக்கி, நாற்காலியோடு பக்கவாட்டில் திரும்பினார். வலது கால் தரையில் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாணோடு முடிந்திருந்தது. செயற்கைக் கால் ஒன்று காப்பிக்கொட்டை மூட்டையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“சக்கரை. நாலு வருஷமாச்சு. உக்காந்திருக்கறச்சே கழட்டி வெச்சுடுவேன், உறுத்தும்.”

வைஷ்ணவியின் கையில் போன் அப்படியே நின்றது. நாலு தடவை இந்த மனிதருக்குக் கால் வரைந்து அனுப்பியிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் பெரிதாக. எனக்கு வெட்கமாக இருந்தது. பூமி பிளந்தால் இறங்கிக்கொள்வேன் என்பார்களே, அன்றைக்கு நான் அதற்குத் தயாராக இருந்தேன்.

“சார், மன்னிச்சிடுங்க. பாதம் இல்லன்னு நீங்க சொன்னதை நான் வந்து...”

“இந்தப் பாதம் இல்லேங்கறதை நான் ஏம்மா உங்கிட்ட சொல்லப் போறேன்?” என்று அவர் விரலை மூக்கின் மேல் வைத்தார். நாமத்தின் அடியில், புருவத்துக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சின்னக் கோடு மூக்கில் இறங்கியிருந்தது. “நான் கேட்டது இது. இதுக்குப் பேர்தான் பாதம். திருமண்ணுக்கு அடியில இது இருந்தா நாங்க, தென்கலை. இல்லாம வளைச்சு விட்டுட்டா அவா, வடகலை. நீ என்னை வடகலை ஆக்கிட்டே. என் சம்பந்தி வடகலை, பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவார்.”

வைஷ்ணவி அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஐந்து நாள் குழம்பியது ஒரு கட்டத்துக்காக. குப்பை என்று முதல் நாள் அழித்த அதே கட்டம். வெள்ளையைத் தொட்டு மூக்கின் மேல் ஒரு தடவை அழுத்தினாள். அவ்வளவுதான். ரெங்கராஜன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“நான்தான்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரே ஒரு கட்டத்தில் ஒரு ஆள் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரே போனை எடுத்து இளவரசனுக்கு ‘சம்மதம்’ என்று அனுப்பினார். மணி மூன்றேகால். மாப்பிள்ளை ஜாதகம் ஊரிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் அவள் திரையைக் கீழே நகர்த்தினாள். அந்தப் பெரிய கால்கள் தெரிந்தன. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், இந்தக் காலை என்ன செய்யட்டும்? வேட்டிய இறக்கி மறைச்சிடவா?”

அவர் அரைக்கும் மிஷினின் மேல் படிந்திருந்த தூளைத் துண்டால் துடைத்தார்.

“நீ அனுப்ப அனுப்ப கால் பெருசாயிண்டே வந்தது. எனக்கு ஒண்ணும் புரியலை. யாரோ சொல்லிக் குடுத்துக் கேலி பண்றாளோன்னு மொதல்ல கோபம்கூட வந்தது. அப்பறம் ராத்திரி சாப்பிட்டுட்டு எடுத்து எடுத்துப் பாத்துண்டிருந்தேன். வெரலெல்லாம் வெச்சிருந்தியே.” துண்டை மடித்தார். “இருக்கட்டும்.”

“இருக்கட்டும் சார். ஆனா ஒரு வரிசை கூடிப் போச்சு. அதைக் குறைக்கலன்னா விளையாட்டுல விரல் வெட்டுப்பட்டுடும்.”

“அதை வெட்டப்படாது” என்றார் அவர் சட்டென்று. பிறகு குரலை இறக்கி, “வேற எங்கேயாவது எடுத்துக்கோ, குழந்தே” என்றார்.

வைஷ்ணவி தலையாட்டினாள். வேட்டியின் நடுவிலிருந்து ஒரு வரிசையை எடுத்துவிட்டு, காலை ஒரு கட்டம் மேலே ஏற்றினாள். பொம்மை சட்டத்துக்குள் நின்றது.